நாய்க்குக் கதவு, பாம்புக்குச் சந்து, மரநாய்க்குக் கூரை

2025-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் திருப்பூர் மாவட்டம் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்து ஆட்டுக்காரர்கள் செத்த ஆடுகளோடு வந்து போராட்டத்தில் இறங்கினார்கள். பட்டியில் அடைத்திருந்த ஆடுகளைத் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து கடித்துப் போட்டிருந்தன. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கொறங்காட்டையும் சுற்றிக் கிளுவை முள்வேலி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக வளர்த்த உயிர்வேலி அது. ஆனால் உள்ளே மேயும் ஆடு வெளியே போய்விடாமல் இருக்கத்தான் அதை வளர்த்தார்கள். வெளியே இருந்து வரும் நாய்க்கு அதன் அடியில் ஒரு முழ இடைவெளி கிடைத்தால் போதும்.

வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழியும் நாலு வெள்ளாட்டுக் குட்டியும் வளர்க்கிறவர்களும் பெரும்பாலும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டு, அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கம்பி வலையை வாங்கி வந்து நாலு கம்பத்தில் சுற்றிவிடுகிறார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும், கீரி அதன் அடியில் தோண்டிவிடும், பாம்பு அதன் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும்.

பகலில் கோழி தோட்டத்தில் திரியட்டும், ஆடு மேய்ச்சலுக்குப் போகட்டும். இரவில் அவை அடையும் கொட்டகை மட்டும் வெளியே இருந்து வருகிறவனை நினைத்துக் கட்டப்பட வேண்டும். அதற்கு முதலில் வருகிறவன் யார் என்று தெரிய வேண்டும்.

வந்தது யார்?

கோழி போய்விட்டது என்றதும் பழி உடனே கீரி மேல் விழும், இல்லையென்றால் நரி மேல். உண்மையில் ஒவ்வொரு விலங்கும் ஒரு கையெழுத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது.

நாய் வந்த இடம் போர்க்களம்போல இருக்கும். ஐந்தாறு கோழிகள் செத்துக் கிடக்கும், இறகு எங்கும் பறந்திருக்கும், ஆனால் தின்றது குறைவாக இருக்கும். ஓடுவதைத் துரத்துவதும் கடித்து உதறுவதும் அதன் இயல்பு. ஆட்டில் பின்தொடையிலும் கழுத்திலும் காயம் இருக்கும். ஒரு குட்டி மேல் காயமே இல்லாமல் அது செத்துக் கிடந்தால், மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் நசுங்கியிருக்கலாம்.

கீரி பகலில் நடமாடும் விலங்கு. விடியற்காலையிலோ மத்தியானத்திலோ குஞ்சு குறைந்தால் அதைச் சந்தேகிக்கலாம். தலையிலும் கழுத்திலும் கடித்திருக்கும். உடைந்த முட்டை ஓடுகள் அங்கேயே கிடக்கும். ‘கீரி இருந்தால் பாம்பு வராது’ என்று அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிற வீடுகள் உண்டு. பாம்பைத் தின்கிற அதே கீரிதான் அடைகோழியின் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்குகிறது.

நள்ளிரவில் கோழி போனால் கண் கூரைக்குப் போக வேண்டும். மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் வருகிறவை. மரநாய் பெயருக்கு ஏற்றபடி மரத்திலும் கூரையிலும் நடந்து வரும். கூரை மேலோ அருகில் உள்ள மதில் மேலோ பழக்கொட்டைகள் கலந்த எச்சம் கிடந்தால் அது மரநாயின் அடையாளம். காட்டுப்பூனை ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும். இறகுகள் ஒரே திசையில் ஒரு கோடுபோல வேலி வரை கிடக்கும்.

சத்தமில்லாமல் வருவது பாம்பு. முட்டையை முழுதாக விழுங்குவதால் ஓடுகூட மிஞ்சாது. நல்ல பாம்பும் சாரையும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். அவற்றைவிட அதிகமாக, கொட்டகையில் குடியிருக்கும் எலிக்கு வரும். பெரிய கோழியைச் சாரையால் விழுங்க முடியாது. ஆனால் அடையில் உட்கார்ந்த கோழி காயம் தெரியாமல் உட்கார்ந்தபடியே செத்திருந்தால் விஷப்பாம்பு கொத்தியிருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட கூட்டுக்குள் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலில் பலரும் மறந்துவிடுகிற ஒன்று பெருச்சாளி. குஞ்சைக் காலைப் பிடித்து வளைக்குள் இழுத்துவிடும். பக்கத்திலேயே புது மண் குவிந்திருக்கும்.

இதிலும் ஐயம் தீராவிட்டால் ஒரு பிடி சாம்பல் போதும். கொட்டகையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ நைசான மண்ணையோ மாலையில் தூவிவிட்டு, காலையில் ஆள் நடமாடும் முன் பார்க்க வேண்டும். நாலு விரலும் நகத் தடமும் இருந்தால் நாய். நாலு விரல், நகத் தடம் இல்லை என்றால் பூனை இனம். சின்னத் தடத்தில் ஐந்து விரல் இருந்தால் கீரியோ மரநாயோ. பாம்பு போயிருந்தால் வளைந்த கோடு இருக்கும். எந்தப் பக்கமாக வந்தது, எந்த இடத்தில் நின்று சுற்றியது என்பதும் அதில் தெரிந்துவிடும். அங்கேதான் சந்து இருக்கிறது.

பத்தடிக்கு ஐந்தடி

இருபது நாட்டுக்கோழியும் பால் மறக்காத ஐந்து குட்டிகளும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவில் மட்டும் அடைப்பதற்கு ஒரு கோழிக்கு ஒன்றேகால் சதுர அடியும், குட்டிக்கு நாலைந்து சதுர அடியும் இருந்தால் போதும். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு கொட்டகை போட்டு நடுவில் தடுத்தால் ஆளுக்கு 25 சதுர அடி. இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. தடுப்பு அவசியம். கோழித் தீவனத்தைக் குட்டி அள்ளித் தின்றுவிட்டால் வயிறு உப்பிச் சாகும் அளவுக்குப் போகும். கோழி மேலே அமர்ந்தால் எச்சம் குட்டியின் மேலும் தழையின் மேலும் விழும்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே நேராக விழாது. கூரை முன்பக்கம் ஏழடி, பின்பக்கம் ஆறடி. நாலு பக்கமும் தரையிலிருந்து இரண்டடிக்குச் செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர், அதற்கு மேல் கூரை வரை கம்பி வலை. இந்த இரண்டடிச் சுவரில்தான் நாயின் ஆட்டம் பாதி அடங்கிவிடுகிறது. நாய் பிறாண்டுவதும் கடித்து இழுப்பதும் தன் முகத்து உயரத்தில்தான். உள்ளே படுத்திருக்கும் குட்டியும் அதன் கண்ணில் படாது.

சுவருக்கு மேல் வரும் வலை, கடைகளில் ‘வெல்டு மெஷ்’ என்று விற்கும், குறுக்கும் நெடுக்கும் கம்பி வைத்துப் பற்றவைத்த வலையாக இருக்க வேண்டும். கண் அரை அங்குலம். ஒரு அங்குலக் கண் மலிவாகக் கிடைக்கும், கம்பியும் தடிமனாக இருக்கும், ஆனால் நடுத்தரப் பாம்பு அதில் தாராளமாக நுழையும். முட்டையை விழுங்கும் அளவுக்குப் பருத்த பாம்பு அரை அங்குலத்தில் நுழையாது. பொரித்துச் சில நாளே ஆன பாம்புக்குட்டி நுழையக்கூடும். ஆகவே குஞ்சு பொரிக்கும் மூலையில் மட்டும் கால் அங்குலக் கண் போட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு வலை வேண்டும் என்று கணக்குப் போடலாம். கொட்டகையின் சுற்றளவு முப்பதடி. கூரையின் சராசரி உயரம் ஆறரை அடி. சுவர் இரண்டடி போக மீதி நாலரை. முப்பதை நாலரையால் பெருக்கினால் 135 சதுர அடி. இதோடு தரையில் விரிக்க இன்னும் 76 சதுர அடி சேரும். வெட்டு, மடிப்பு எல்லாம் சேர்த்து 250 சதுர அடி வாங்கினால் சரியாக இருக்கும்.

தரையில் எதற்கு வலை? தோண்டுகிறவர்களுக்காக. நாயோ கீரியோ பெருச்சாளியோ, தோண்டுகிற விலங்கு நேராக வந்து சுவரின் காலடியில் மூக்கை வைத்து அங்கேதான் மண்ணைப் பறிக்கும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போட வேண்டும் என்ற யோசனை அதற்குப் பெரும்பாலும் வராது. அதனால் சுவரின் அடியில் வலையை ஒரு சாண் மேலேற்றிச் சிமென்டில் பதித்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்து, கம்பியை வளைத்து ஆணிபோல் அடித்து இறுக்கி, மேலே இரண்டு அங்குலம் மண் போட்டுவிட வேண்டும். ஒரு மழைக்குப் பிறகு புல் முளைத்து வலை மறைந்துவிடும். தோண்ட வருகிறவன் கம்பியில் நகம் பட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து பார்ப்பான், அங்கேயும் கம்பி. வலையைச் செங்குத்தாகக் குழி தோண்டிப் புதைப்பதும் ஒரு வழிதான், ஆனால் முப்பதடிக்கு ஒன்றரை அடி ஆழம் வெட்டும் கூலி அதிகம். மண்ணுக்குள் போன கம்பி எப்படியும் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் பாயும் இடங்களில் இன்னும் சீக்கிரம். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், நாலு மூலையிலும் மண்ணை விலக்கிக் கம்பியை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தச்சர் விட்டுப்போகும் சந்துகள்

கொட்டகை முடிந்து கூலி கொடுத்த பிறகும் மூன்று இடங்கள் திறந்தே இருக்கும். அனுபவப்பட்டவர்கள் பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்ப்பார்கள். வலையைத் தவிர வேறு எங்கிருந்து வெளிச்சம் வருகிறதோ அது ஒரு வழி.

முதலாவது கூரை விளிம்பு. தகரமும் சிமென்ட் அட்டையும் நெளிநெளியாக இருப்பவை. அவை சட்டத்தின் மேல் உட்காரும்போது ஒவ்வொரு நெளிவுக்குக் கீழும் ஓர் அரைவட்டத் துளை விழும். முன்னும் பின்னுமாக எண்ணிப் பார்த்தால் பத்தடிக் கொட்டகையில் அவை டஜன் கணக்கில் இருக்கும். எலி முதலில் அந்த வழியாக வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், பெரிய துளையாக இருந்தால் மரநாய்க்குட்டிகூட வரும். ஒவ்வொன்றையும் வலைத் துண்டு வைத்து மேலே சிமென்ட் கலவை பூசி அடைக்க வேண்டும். ஓலைக் கூரை குளுமையானதுதான், ஆனால் ஓலைக்குள்ளேயே எலி கூடு கட்டும். ஓலையே வேண்டும் என்பவர்கள் அதன் அடியில் வலையை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் ஓலை வேய்வது பாதுகாப்பு. கூரைக்கு மேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையையும் கொய்யாக் கிளையையும் வெட்டிவிட வேண்டும். மரநாயின் படிக்கட்டு அதுதான்.

இரண்டாவது கதவின் அடி. தரை மேடுபள்ளமாக இருப்பதால் கதவு உரசாமல் இருக்கத் தச்சர் இரண்டு விரல் இடைவெளி விடுவார். கீரிக்கு அதுவே வாசல்; தலை நுழைந்த இடத்தில் அதன் உடம்பும் நுழைந்துவிடும். ஒரு வரிசைச் செங்கல்லோ கல்லோ பதித்து நிலைப்படி வைத்து, கதவு அதன் மேல் வந்து மோதி நிற்கும்படி செய்தால் சந்து அரை அங்குலத்துக்குள் அடங்கும். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். நாய் தள்ளத் தள்ள அது இன்னும் இறுக்கமாகத்தான் சாத்தும். கயிறு, கம்பிச் சுற்று எல்லாம் வேண்டாம். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள். நடுவில் ஒன்று மட்டும் போட்டால் கீழ் மூலையை நாய் மூக்கால் நெம்பும், கதவு வளைந்து இடம் கொடுக்கும்.

மூன்றாவது, கழுவித் தள்ளும் தண்ணீர் வெளியேற விட்ட குழாயோ துளையோ. இதன் வாயில் ஒரு சாண் வலையை மடித்துக் கட்டினால் வேலை முடிந்தது. குழாயும் கொட்டகையின் ஒரு கதவுதான் என்பது பாம்பு உள்ளே வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது.

இப்படி அடைக்க ஆரம்பித்தவர்கள் சில நேரம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதும் உண்டு. வலைக்கு மேல் தார்ப்பாய், சாக்கு என்று நாலு பக்கமும் மூடிவிட்டால் நாய் வராது. ஆனால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி உள்ளேயே தங்கும். காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தால் கோழிக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது என்று பொருள். சளியும் மூச்சு இரைச்சலும் அதன் பின்னால் வரும். மழைச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாயை இறக்கி, மற்றப் பக்கங்களைத் திறந்தே விட வேண்டும்.

உள்ளே

கோழி இரவில் உயரத்தில் அமரத்தான் விரும்பும். ஒரு கோழிக்கு ஏழு அங்குலக் கம்பு வேண்டும். கோழிகள் இருக்கும் பாதி ஐந்தடிக்கு ஐந்தடி என்பதால் ஒரு கம்பில் எட்டுக் கோழி உட்காரும்; மூன்று கம்பு போட்டால் இருபதும் அடங்கிவிடும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், கம்புக்குக் கம்பு ஓரடி. ஓரக்கம்பு வலையை ஒட்டி இருக்கக்கூடாது. வலையின் கண் பெரிதாக இருந்தால், வெளியே நின்று மரநாய் கையை விட்டு அல்லது நகத்தால் இழுத்து, கண்ணில் சிக்கிய கால் விரலையோ தலையையோ கடித்துவிடும். காலையில் உள்ளே தலையில்லாத கோழி கிடக்கும், கதவு பூட்டியபடியே இருக்கும். கம்பை வலையிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டால் இது நடக்காது.

அடைகோழிக்கு 21 நாள் ஒரே இடம். தரையில் வைத்த கூடையை விட, சுவரில் மூன்றடி உயரத்தில் பொருத்திய பெட்டி நல்லது. முட்டைகளை ஒவ்வொரு மாலையும் எடுத்துவிட வேண்டும். சிந்திய தீவனத்தைப் பெருக்கி, மூட்டையை மூடியுள்ள டிரம்மில் போட வேண்டும். எலி போனால் பாம்பு வருவதற்குப் பெரிய காரணம் ஒன்று போய்விடும். கொட்டகையைச் சுற்றிப் பத்தடிக்கு விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, புதர் எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளைப்பூண்டு, நாப்தலின் உருண்டை, வேலியோரம் சிறியாநங்கை என்று பாம்புக்குச் சொல்லப்படும் வழிகளை நம்பிச் சந்தை அடைக்காமல் விட்டுவிடக் கூடாது. பழைய மீன்வலையைத் தரை மட்டத்தில் தொங்கவிடுவதும் தவறு. பாம்பு அதில் செதில் மாட்டி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் சிக்கிக்கொள்ளும்; காலையில் அதை எடுக்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து. அந்த மீன்வலையைத் தலைக்கு மேல், குஞ்சுகள் திரியும் முற்றத்தின் மேலே கட்டினால் பருந்துக்கும் காக்கைக்கும் நல்ல தடை.

குட்டிகளின் பக்கம் மரச்சட்டத்தால் ஓரடி உயரத்துக்குப் பரண் போட்டால் ஈரமும் இருக்காது, பாம்பு வந்தாலும் காலடியில் படாது. சட்டங்களுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் விட்டால் குட்டியின் குளம்பு மாட்டிக்கொள்ளும்.

பழைய ஆட்கள் கையில் இதற்குச் சின்ன வடிவங்கள் இருந்தன. கோழிக்குஞ்சுக்குப் பஞ்சாரம், கிடை போடும் கீதாரிகளிடம் குட்டிகளுக்குக் கொடாப்பு. இரண்டும் இன்றும் பகலுக்குப் போதும். பஞ்சாரத்தின் மேல் ஒரு கல், கீழே சமதளம், கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் என்றால் கீரிக்கு வேலையில்லை. மேடுபள்ளமான மண் தரையில் இரவில் அதையே நம்பிவிட்டால் விளிம்புக்கு அடியிலும் பின்னலுக்கு நடுவிலும் பாம்புக்கு வழி கிடைத்துவிடும். முன்பு பஞ்சாரத்தைத் திண்ணையில் கவிழ்த்து, பக்கத்தில் ஆள் படுத்திருந்தார்கள்.

முதலில் எதைச் செய்வது

புதிதாகக் கட்டப் பணம் இல்லை, பழைய கொட்டகைதான் இருக்கிறது என்றால் வரிசை இதுதான்: முதலில் கதவின் அடியும் தாழ்ப்பாளும், அடுத்து கூரை விளிம்பு, அதன் பிறகு தரை வலை. முதல் இரண்டையும் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலையில் முடித்துவிடலாம்.

கோபத்தில் விஷம் வைப்பது எளிதாகத் தோன்றும். கீரி, சாரை, மரநாய் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. தெருநாயைக் கொல்வதும் குற்றம். விஷம் வைத்த கறியைத் தின்று வீட்டு நாயும் பருந்தும் சாகும், வந்த எதிரி மறுநாளும் வரும். பாம்பு உள்ளே இருந்தால் கம்பெடுக்காமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்வது சரியான வழி.

நாய் கடித்து ஆடு பிழைத்துவிட்டால் காயத்தைக் கையுறையோடு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி கடித்த பிறகும் போடலாம், ஆனால் ஒன்றோடு நிற்காது. முதல் நாள் தொடங்கி மூன்று, ஏழு, பதினான்கு, இருபத்தெட்டாம் நாட்களிலும் போட வேண்டும். கடித்த நாய் ஊருக்குள்ளேயே சுற்றினால் அதை ஊராட்சிக்கும் சொல்ல வேண்டும்.

இந்தக் கொட்டகைக்கும் எல்லை உண்டு. வால்பாறை, நீலகிரிப் பக்கம் சிறுத்தை நடமாடும் ஊர்களில் அரை அங்குல வலை ஒரு பொருட்டே இல்லை. அங்கே குட்டிகளுக்கு இரும்புக் கம்பிக் கதவும் கெட்டிச் சுவரும் கூரையில் குறுக்குக் கம்பிகளும் வேண்டும், கொட்டகை வீட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். மலைப்பாம்பு உள்ள இடங்களிலும் அப்படித்தான்.

மற்ற ஊர்களில் மீதி இருப்பது மாலை வேலை. புதுக் கொட்டகைக்குக் கோழிகள் தாமாக வராது. ஒரு வாரம் உள்ளேயே அடைத்து அங்கேயே தீனி போட்டால் பழகிவிடும். அதன் பிறகு பொழுது சாயும்போது தாமே வந்து கம்பில் ஏறும். இருட்டி அரை மணிக்குள் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டும். இருபது இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் முருங்கை மரத்தைப் பார்க்கலாம். புதிதாகப் பருவத்துக்கு வந்த விடைக்கோழி ஏதாவது ஒரு கிளையில் தூங்கிக்கொண்டிருக்கும். காலைப் பிடித்து இறக்கி, கம்பில் உட்கார வைத்துவிட்டு, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டுவிட்டு வரலாம்.